கீழ்த்தட்டு இட்லி மட்டும் ஏன் கொழகொழவென்று வருகிறது?

மாவு நன்றாகப் பொங்கியும் கீழ்த்தட்டு இட்லி மட்டும் ஈரமாக இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும், எத்தனை நிமிடம் வேகவிட வேண்டும்?

கீழ்த்தட்டு மட்டும் என்றால் தண்ணீர்தான் அதிகம். கொதிக்கும்போது அது துள்ளி, குழியின் துளை வழியாக மாவுக்குள் ஏறிவிடுகிறது. தண்ணீருக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை உள்ளே வையுங்கள். ஆவி வருமுன் வைத்தால் இட்லி தட்டையாகிவிடும்.

மாவைப் போட்டு அடித்துக் கலக்காமல் மெதுவாக அள்ளி, குழியில் முக்கால் அளவு ஊற்றினால் போதும். அது உப்ப இடம் வேண்டுமே.

நடுத்தரத் தீயில் 10 நிமிடம். ஈர விரலால் இட்லியின் நடுவில் தொட்டால் ஒட்டக் கூடாது; ஒட்டினால் இன்னும் 2 நிமிடம் விடுங்கள். வெகுநேரம் விட்டால் வறண்டு கெட்டியாகும். இறக்கியதும் கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம் ஈரக் கரண்டியால் எடுங்கள்.