சொருகுகிற இடம் எங்கே?

லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எதுவும் வேண்டாம் என்று சொல்லி மின்சார ஸ்கூட்டர் விற்றார்கள். நன்றாக 50 கி.மீ. வேகம் போகிறது. இப்போது போலீஸ் பிடித்து ஆர்.சி. கேட்கிறார்கள். நியாயமா?
— கரூர் வாசகர்

நியாயம்தான். அந்தச் சலுகை 250 வாட் மோட்டாரும் 25 கி.மீ. வேகமும் தாண்டாத வண்டிக்கு மட்டும். 50 போகும்போதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பில்லை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய்ப் பணத்தைக் கேளுங்கள். பில் இல்லை என்று மட்டும் அடுத்த கடிதம் போடாதீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. ஒன்பது வருஷப் பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்றுதான் வண்டி. அப்பா காந்தி மார்க்கெட் கடைக்கு தினமும் இரண்டு நடை போவார், மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மாவும் நானும் அக்கம்பக்கத்துக்கு எடுப்போம். மொத்தம் 30 கி.மீ. இருக்கும், மாதம் 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல். மின்சார வண்டிதான் நமக்குச் சரி என்று நானும் ஆறு மாதமாகச் சொல்கிறேன். 'பாட்டரி போனால் யார் தருவார்? துறையூருக்கு எப்படிப் போவது? கரண்ட் பில் என்ன ஆகும்?' என்று அப்பா மடக்குகிறார். ஷோரூமில் 120 கி.மீ. போகும் என்கிறார்கள். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி நீங்கள் சொல்லுங்கள்.
— ஒரு மகள், திருச்சி

அப்பாவுக்கு எல்லாம் புரிகிறதம்மா. அவர் கேட்கிற மூன்றும் சரியான கேள்விகள். பதிலோடு போனால் மடங்குவார்.

கரண்ட் பில்லில் தொடங்குங்கள். மூன்று யூனிட் பாட்டரி உள்ள வண்டி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், 30 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். நமக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக 60 யூனிட். இப்போது உங்கள் அட்டையில் 300 யூனிட் வருகிறதென்றால் கூடுதலாக 300 ரூபாய் கட்டுவீர்கள், அவ்வளவுதான். ஏ.சி. ஓடி 460 வருகிற வீடு என்றால் கதை வேறு. 60 சேர்ந்து 520 ஆகும். 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலை போய்விடும், தாண்டிய யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். அப்போது கூடுதல் 650, 700 ரூபாய் வரும். அப்பா பயப்படுவது இந்த இடத்தைத்தான். ஆனால் அதே இரண்டு மாதத்துக்குப் பெட்ரோல் 4,000 ரூபாய். மோசமான கணக்கிலும் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கிறது. பழைய மின் கட்டண ரசீதுகள் ஆறை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.

பாட்டரி. வாரன்டி முடிந்த பிறகு மாற்ற வேண்டி வந்தால் இந்த அளவு பாட்டரிக்கு 50,000 முதல் 70,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். இதை மறைத்து அப்பாவைச் சம்மதிக்க வைக்காதீர்கள். மிச்சமாகிற பெட்ரோல் காசில் 1,000 ரூபாயை மாதாமாதம் அஞ்சலகத்தில் ஆர்.டி. போடச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்தில் அசலே 60,000. அப்பா வண்டியை நம்ப வேண்டியதில்லை, பாஸ்புக்கை நம்பினால் போதும். மீதி 600 சொச்சம் வண்டி விலை வித்தியாசத்தை மெதுவாக அடைக்கும். 2025 செப்டம்பரில் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. அதனால் வித்தியாசத்தைப் பழைய விலையை வைத்துப் பேசாமல், இன்றைய விலைச்சீட்டு இரண்டையும் வாங்கி வைத்துப் பேசுங்கள்.

இனி அந்த 120. இதைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. அது சோதனைக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி எடுக்கிற கணக்கு. அங்கே காவிரிப் பாலத்து எதிர்காற்று கிடையாது, பின்னால் அம்மா கிடையாது, காலடியில் அரிசி மூட்டை கிடையாது. சொன்னதில் முக்கால்வாசி கிடைத்தால் நல்ல வண்டி. அதிலும் கடைசி 15 சதவீதத்தில் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஏழெட்டு வருஷம் முன்பு, விலை மலிவு என்று ஈய பாட்டரி போட்ட ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். 60 கி.மீ. போகும் என்றார்கள். முதல் மாதம் 45 போனது, பதினான்காவது மாதம் 18. ஒரு நாள் இரவு மேம்பாலத்தின் பாதியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். மறுநாள் கடைக்குப் போனால் அந்த இடத்தில் கரும்பு ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டியது, 'சார்ஜ் நூறிலிருந்து இருபதுக்கு இறங்குகிற வரை இரண்டு பேர் எத்தனை கி.மீ. போகலாம்' என்பதை. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

அந்தக் கணக்குப்படி உங்கள் வண்டி 70, 75 கி.மீ. போகும். தினசரி ஓட்டத்துக்குத் தாராளம். துறையூர் போக ஒரு வழிக்கு 40 கி.மீ.க்கு மேல் ஆகும். போகலாம், சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. அங்கே ராத்தங்கல் உண்டென்றால் பிரச்சினை இல்லை, திண்ணையில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிற பட்சத்தில். அன்றே திரும்புகிற வழக்கம் என்றால் அப்பா சொல்வதுதான் சரி. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாமல் ஒரு வருஷம் வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி நிற்கிற இடத்தில் பிளக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டி.வி.க்குப் போட்ட 5 ஆம்பியர் பிளக்கில் மாற்று முனை சொருகி, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் இழுக்கிற வீடுகள்தான் அதிகம். போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன், பிளக்கின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகிப்போயிருந்தது. நான்கைந்து மணி நேரம் விடாமல் கரண்ட் போகிற வேலை இது. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., சரியான எர்த், 15 ஆம்பியர் பிளக். எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலைதான். முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியதும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடென்றால் உள்ளே ஒயர் லூஸ்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவை ஷோரூமுக்குக் கூட்டிப் போகாதீர்கள், அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப் போங்கள். வாசலில் தூசி படிந்து எத்தனை வண்டி நிற்கிறது என்று அவரே எண்ணட்டும். காத்திருக்கிறவரிடம் 'வண்டி விட்டு எத்தனை நாளாச்சு?' என்று அவரே கேட்கட்டும். மூன்று வாரம் என்று நாலு பேர் சொன்னால் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இரண்டு நாள் என்றால், உங்களுக்குப் பதில் கடைக்காரர்களிடம் அப்பாவே பேசிக்கொள்வார்.

மின்சார ஸ்கூட்டர் முன்பதிவு என்று போனில் வந்த லிங்கில் 499 ரூபாய் கட்டினேன். அப்புறம் இன்ஷூரன்ஸ், டெலிவரி என்று இரண்டு தவணையில் 31,000 வாங்கிவிட்டார்கள். இப்போது போன் எடுப்பதில்லை. மகனுக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

அம்மா, வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். கம்பெனியின் பெயர், படம், லோகோ எல்லாம் அப்படியே வைத்து ஏமாற்றுகிற கூட்டங்கள் இருக்கின்றன. இன்னும் புகார் செய்யவில்லை என்றால் இதைப் படித்த கையோடு 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள். வங்கிக்கு நேரில் போய் எழுத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். அவர்கள் அனுப்பிய செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். மகனிடமும் சொல்லுங்கள், தளத்தில் பதிய அவர் உதவட்டும்.

மூன்று வருஷம் ஓடிய மின்சார ஸ்கூட்டர் 40,000க்கு வருகிறது. வாங்கலாமா?
— சேலம் வாசகர்

பாட்டரி வாரன்டி உங்கள் பெயருக்கு மாறும் என்று கம்பெனி எழுத்தில் கொடுத்தால் யோசிக்கலாம். கொடுக்கவில்லை என்றால் பாட்டரி இல்லாத வண்டிக்கு என்ன விலையோ அதைக் கேளுங்கள்.