பிஎஃப் பிடித்தம் கணக்கில் ஏறவில்லை: நிர்வாகத்துக்கு என்ன எழுதுவது?

கேள்வி: ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். மாதாமாதம் சம்பளத்தில் பிஎஃப் என்று 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். ஆனால் பாஸ்புக் மார்ச் மாதச் சம்பளத்தோடு நிற்கிறது. செப்டம்பர் சம்பளம் போன வாரம் வந்தது, அதிலும் பிடித்திருக்கிறார்கள். ஹெச்ஆர் மேலாளருக்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "ஆறு மாசமா என் பிஎஃப் பணம் 21,600 ரூபாயைக் கட்டாம ஏமாத்தறீங்க. 24 மணி நேரத்துல முழுப் பணமும் என் பேங்க் அக்கவுண்டுக்கு வரலைன்னா போலீசுக்குப் போவேன். இங்க எல்லாருக்கும் இதே கதைதான்." வேலையும் போகக் கூடாது, பணமும் வர வேண்டும். இதை எப்படித் திருத்துவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எழுதி வைத்திருப்பதை அப்படியே அனுப்பாதீர்கள். அதில் கணக்கு தவறாக இருக்கிறது, கேட்கும் பரிகாரம் தவறாக இருக்கிறது, கேட்க வேண்டிய ஆதாரத்தை நீங்கள் கேட்கவே இல்லை. நாளைக்கு வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் கொடுக்க நேர்ந்தால் இந்தக் கடிதம்தான் முதல் இணைப்பாகப் போகும். அதைப் படிக்கும் அதிகாரிக்கு முதல் வரியிலேயே ஒரு பிழை தென்படக் கூடாது.

முதலில் கணக்கு. ஒரு மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பை அந்த மாதம் முடிந்து 15 நாளுக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். செப்டம்பர் சம்பளத்துக்கான கெடு அக்டோபர் 15. நீங்கள் எழுதும் இன்றைய தேதியில் அந்தக் கெடு முடியவில்லை. ஆகவே தவணை தவறியவை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதங்கள்தான். ஆறு என்று எழுதினால், "செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறதே, இவருக்கு விவரமே தெரியவில்லை" என்று அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்துக்கும் பதில் சொல்லாமல் போய்விடுவார்கள்.

அடுத்தது தொகை. 1,800 என்பது 15,000 ரூபாயில் 12 சதவீதம். அதே அளவை நிறுவனமும் தன் கையிலிருந்து போட வேண்டும். நிறுவனத்தின் 1,800-இல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி 550 உங்கள் பிஎஃப் கணக்குக்கும் போகும். பாஸ்புக்கில் மாதம் ஒன்றுக்கு 1,800, 550, 1,250 என்று மூன்று பத்திகளில் வர வேண்டும், மொத்தம் 3,600. ஐந்து மாதத்துக்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தது 9,000, இரு பங்கும் சேர்த்து 18,000. நீங்கள் எழுதிய 21,600 என்பது செப்டம்பரையும் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்த தொகை. அதை "என் பணம்" என்று ஒரே எண்ணாகச் சொன்னால், பிடித்த பணம் எவ்வளவு, நிறுவனம் தர வேண்டியது எவ்வளவு என்பது குழம்பிவிடும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில் காரணம் உண்டு. உங்கள் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவின்படி நம்பிக்கை மோசடி ஆகக்கூடியது. அவ்வளவு கடுமையான விஷயம் என்பதால்தான், அந்தத் தொகை கடிதத்தில் ரூபாய் பிசகாமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

"என் பேங்க் அக்கவுண்டுக்கு" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அவர்கள் 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டால் நிறுவனத்தின் பங்கும் வட்டியும் ஓய்வூதியத்துக்கான சேவை மாதங்களும் போய்விடும். பணம் சேர வேண்டிய இடம் உங்கள் யுஏஎன் கணக்கு, அதைத்தான் கேளுங்கள்.

இனி, அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று. பாஸ்புக்கில் ஏறாததற்குக் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம். நிறுவனம் அந்த மாதங்களுக்கு யாருக்குமே கட்டவில்லை. அல்லது மாதாந்தர அறிக்கையை ஏற்றி, சலானை உருவாக்கிவிட்டு, பணம் கட்டாமல் விட்டிருக்கிறது. அல்லது மற்றவர்களுக்குக் கட்டி, உங்கள் பெயரை மட்டும் விட்டிருக்கிறது; ஆதார் இணைக்கப்படாத யுஏஎன்னை அறிக்கையில் சேர்க்க முடியாது என்பதால் இப்படித் தனியாக ஒருவர் விடுபடுவதுண்டு. வேறொரு உறுப்பினர் எண்ணுக்கு உங்களை மாற்றியிருந்தாலும் பழைய எண்ணின் பாஸ்புக் நின்றுபோகும். யுஏஎன்னுக்குள் எத்தனை உறுப்பினர் எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

இதில் எது என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் Establishment Search என்ற பகுதி இருக்கிறது. லாகின் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரையோ பிஎஃப் குறியீட்டையோ கொடுத்தால், எந்த மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று, ஒவ்வொரு சலானுக்கும் உரிய TRRN என்ற அடையாள எண்ணோடு வரும். ஏப்ரல் மாதச் சம்பளம் முதல் அங்கே எதுவுமே இல்லை என்றால் உங்கள் ஐயம் வலுக்கிறது. கட்டியதாகத் தெரிந்து உங்கள் பெயர் மட்டும் இல்லை என்றால், அது சில நாளில் சரியாகக்கூடிய எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். அந்த நிலையில் "ஏமாத்தறீங்க" என்ற சொல் உங்களுக்கே பாதகமாகத் திரும்பும். "எல்லாருக்கும் இதே கதைதான்" என்பதும் வேண்டாம். மற்றவர்களின் பாஸ்புக்கை நீங்கள் பார்க்கவில்லை. அவர்கள் எழுத விரும்பினால் தங்கள் பெயரில் தனியாக எழுதட்டும்.

ஆதாரம் கேட்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "சலான் காப்பி கொடுங்கள்" என்று கேட்டால் சலானைக் கொடுத்துவிடுவார்கள். சலான் என்பது இவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் தாள். அது உருவானாலே பணம் போய்விட்டது என்று பொருள் ஆகாது. பணம் போனதற்கு ஆதாரம், TRRN எண்ணும் வங்கியில் செலுத்திய தேதியும் உள்ள கட்டண உறுதி ரசீது. ஆனால் அதிலும் மொத்தத் தொகைதான் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. உங்கள் பெயர் இருப்பது ECR என்ற மாதாந்தர அறிக்கையில். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும், இரண்டிலும் ஒரே TRRN இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ECR-இல் மற்றவர்களின் சம்பளமும் இருப்பதால் தர முடியாது என்பார்கள். அந்த மறுப்புக்கு இடமே வைக்காமல், மற்றவர்களின் விவரத்தை மறைத்துவிட்டு என் வரியை மட்டும் கொடுங்கள் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

இத்தனையையும் சேர்த்தால் கடிதம் இப்படி வரும்:

> தேதி: 9 அக்டோபர் 2024
>
> பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு
>
> பொருள்: 2024 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான பிஎஃப் பங்களிப்பு, விவரமும் ஆதாரமும் வேண்டி
>
> மதிப்புக்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். ஊழியர் எண் ______, யுஏஎன் ______.
>
> 2024 ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டுகளில் பிஎஃப் பிடித்தமாக மாதம் ரூ.1,800 வீதம் மொத்தம் ரூ.9,000 காட்டப்பட்டுள்ளது. இன்று என் பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தபோது, இந்த ஐந்து மாதங்களுக்கும் என் பங்கோ நிறுவனத்தின் பங்கோ வரவு ஆகவில்லை. கடைசிப் பதிவு மார்ச் மாதச் சம்பளத்துக்கானது.
>
> இந்தத் தொகை செலுத்தப்பட்டிருந்தால், மாதவாரியாக TRRN எண், கட்டண உறுதி ரசீது, ECR அறிக்கையில் என் பெயர் உள்ள வரி ஆகியவற்றின் நகல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஊழியர்களின் விவரங்களை மறைத்துத் தந்தால் போதும்.
>
> இன்னும் செலுத்தப்படவில்லை என்றால், இரு பங்குகளையும் என் யுஏஎன் கணக்கில் எந்தத் தேதிக்குள் செலுத்துவீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். என் ஆதார் அல்லது யுஏஎன் விவரத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள், உடனே சரிசெய்து தருகிறேன்.
>
> 21 அக்டோபர் 2024-க்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.
>
> இணைப்பு: ஐந்து சம்பளச் சீட்டுகள், பாஸ்புக் நகல்.
>
> இப்படிக்கு,
> ______

இதில் குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் பிடித்தீர்கள், வரவாகவில்லை என்ற இரண்டு உண்மைகளும் அவர்களுடைய சீட்டாலும் அரசின் பாஸ்புக்காலும் நிற்கின்றன. கட்டினோம் என்றால் ரசீது தர வேண்டும், கட்டவில்லை என்றால் தேதி தர வேண்டும். இரண்டையும் செய்யாமல் விட்டால் அந்த மௌனமே உங்கள் புகாருக்குத் துணை நிற்கும். சட்டப் பிரிவுகளை நான் வேண்டுமென்றே போடவில்லை. முதல் கடிதத்திலேயே பிரிவைக் காட்டினால் விஷயம் ஹெச்ஆர் மேசையை விட்டு வக்கீலிடம் போகும், பதில் இழுபடும். நீங்கள் அங்கே தொடர்ந்து வேலை பார்க்க விரும்புகிறவர் என்பதும் என் மனதில் இருந்தது.

கம்பெனி மெயிலுக்கு அனுப்பும்போது உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போடுங்கள். வேலையை விட்டால் கம்பெனி மெயிலைத் திறக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானாலும் மெயில் அனுப்பியபின் நினைவூட்டலாக மட்டும் அனுப்புங்கள். சம்பளச் சீட்டுகளையும், தேதி தெரியும்படி பாஸ்புக் பக்கத்தையும் வீட்டில் சேமித்துக்கொள்ளுங்கள். வங்கியில் வந்த நிகரச் சம்பளம் சீட்டோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள், பிடித்தம் உண்மையில் நடந்ததற்கு அதுவும் சான்று.

"கட்டிவிட்டோம், சர்வர் பிரச்சினை" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். பாஸ்புக்கில் ஏறச் சில நாள் தாமதம் ஆவது உண்மைதான். ஆனால் ஏப்ரல் மாதப் பணம் அக்டோபர் வரை ஏறாமல் இருப்பதற்கு அது பதில் ஆகாது. அப்போதும் TRRN-ஐ மட்டும் கேளுங்கள். கட்டியிருந்தால் அந்த எண்ணைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

21-ஆம் தேதி தாண்டியும் பதில் இல்லை என்றால் epfigms.gov.in தளத்தில் உங்கள் யுஏஎன் கொடுத்துப் புகார் பதிவு செய்யுங்கள். கடிதம், சம்பளச் சீட்டு, பாஸ்புக் மூன்றையும் இணைத்து, வரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். புகார் எழுதும் அன்றைக்குச் செப்டம்பர் கெடுவும் முடிந்திருக்கும். பாஸ்புக்கை மறுபடி பார்த்து, அதுவும் வரவாகவில்லை என்றால் ஆறு மாதம், பிடித்தம் 10,800, இரு பங்கும் சேர்த்து 21,600 என்று எழுதுங்கள். நேரில் பேச விரும்பினால் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் வைப்பு நிதி அமைப்பு நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமுக்கு அதே தாள்களோடு போகலாம்.