வரிச் சலுகை கொடுத்தது ஒரு நாடு, லாபம் இன்னொரு நாட்டுக்கா?

கேள்வி: வளரும் நாடு ஒன்றில் எங்கள் நிறுவனத்துக்குக் கிளை இருக்கிறது. அங்கே பத்து வருடத்துக்கு வரி இல்லை. ஆனால் தாய்நாட்டில் முழு வரி கட்டச் சொல்கிறார் ஆடிட்டர். இரு நாடுகளுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தில் 'டாக்ஸ் ஸ்பேரிங்' இருந்தால் தப்பிக்கலாம் என்கிறார். அது என்ன?

பதில்: ஆடிட்டர் சொல்வது சரிதான். கணக்குப் போட்டால் புரிந்துவிடும். கிளையின் லாபம் 100, அங்கே வரி 25 சதவீதம், தாய்நாட்டில் 30 என்று வைத்துக்கொள்வோம். சலுகை இல்லாவிட்டால் அங்கே 25 கட்டுவீர்கள். அதைத் தாய்நாடு கழித்துக்கொள்ள விடும். மீதி 5 மட்டும் இங்கே. மொத்தம் 30.

இப்போது அந்த நாடு வரியைத் தள்ளுபடி செய்கிறது. அங்கே கட்டியது பூஜ்யம், எனவே கழிக்கவும் ஒன்றுமில்லை. தாய்நாடு 30-ஐயும் வாங்கிக்கொள்கிறது. சலுகையால் உங்களுக்கு மிச்சம் எதுவுமில்லை. முதலீட்டை இழுக்க ஏழை நாடு விட்டுக்கொடுத்த 25, பணக்கார நாட்டின் கஜானாவுக்குப் போய்விடுகிறது. வளரும் நாடுகள் டாக்ஸ் ஸ்பேரிங் விதியைக் கேட்பது இதனால்தான். விதி இருந்தால், கட்டாத அந்த 25-ஐக் கட்டியதாகவே பாவித்துக் கழிக்கலாம். நீங்கள் கட்டுவது 5 மட்டுமே.

எல்லா நாடுகளும் இதற்கு இசைவதில்லை. 1957-இல் பாகிஸ்தானுடன் போட்ட ஒப்பந்தத்தில் அமெரிக்கா இதைச் சேர்த்தது, ஆனால் செனட் ஏற்கவில்லை. அதற்குப் பிறகும் அமெரிக்காவின் எந்த ஒப்பந்தத்திலும் இது நடைமுறைக்கு வரவில்லை. 1998-இல், பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பும் ஓர் அறிக்கையில் எச்சரித்தது: கட்டாத வரிக்குக் கழிவு கிடைப்பதால் லாபத்தைச் சலுகை தந்த நாட்டிலேயே மறுமுதலீடு செய்யாமல் சீக்கிரம் வெளியே எடுக்கத் தோன்றும், கழிவுக்காகவே கணக்கில் லாபத்தை அங்கே ஒதுக்கிக் காட்டவும் சிலர் முயல்வார்கள். இந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் இரட்டை வரி நீக்கம் பற்றிய பிரிவைத் திறந்து, 'சலுகை இல்லாதிருந்தால் செலுத்த வேண்டியிருந்த வரி' என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே மகிழ வேண்டாம். பெரும்பாலும் அந்த வாசகம் குறிப்பிட்ட சலுகைச் சட்டத்தின் பிரிவுகளைப் பெயர் சொல்லிச் சுட்டும். உங்கள் சலுகை பிறகு வந்த புதுச் சட்டத்தில் இருந்தால் அது பொருந்தாமல் போகலாம். இத்தனை ஆண்டுதான் என்று கெடு வைத்த ஒப்பந்தங்களும் உண்டு. கெடு முடிந்திருந்தால் வாசகம் வெறும் அச்செழுத்துதான்.

கிளை லாபத்துக்குத் தாய்நாடு வரியே போடாத முறை இருந்தால் இந்தத் தேடலே வேண்டாம். ஆனால் உங்கள் ஆடிட்டர் முழு வரி கட்டச் சொல்வதைப் பார்த்தால் உங்கள் தாய்நாட்டில் அப்படி இல்லை போலிருக்கிறது.