முதலில் கடன் கொப்பி, பிறகு ஏற்பாடு

அன்புள்ள ஐயா,

அக்கரைப்பற்றில் பசளை, கிருமிநாசினி, விதைநெல் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் 31ஆம் திகதிக்குரிய ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டும். பரீட்சை மீதியில் கடன்பட்டோர் 2,480,000 ரூபாய், சென்ற ஆண்டிலிருந்து வந்த ஐயக்கடன் ஏற்பாடு 96,000, அறவிடமுடியாக் கடன் 35,000, கொடுத்த கழிவு 42,000 இருக்கின்றன.

இவற்றுக்கு மேல் நான்கு விடயங்கள் மிஞ்சியிருக்கின்றன. 75,000 ரூபாய் தரவேண்டிய ஒருவர் காணியையும் விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்; இனி வராது என்று முதலாளி சொல்லிவிட்டார். மார்ச் முடிவதற்குள் முழுக் கடனையும் கட்டுவோருக்கு 5 வீதக் கழிவு என்று அறிவித்திருந்தோம். 200,000 கடன்பட்ட ஒருவர் 28ஆம் திகதி 190,000 கட்டினார், காசேட்டில் அந்தத் தொகை மட்டுமே பதிவாகியிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் பதிவழித்த கடனுக்கு ஒருவர் பெப்ரவரியில் 25,000 கொண்டுவந்து தந்தார். அதை அவருடைய பெயர்க் கணக்கில் செலவு வைத்தேன். இன்னொருவர் 120,000 தர வேண்டும்; வெள்ளத்தில் வயல் அழிந்ததால் பாதிதான் வரும் என்று முதலாளி நினைக்கிறார். மற்றவர்களுக்கு 4 வீத ஏற்பாடு போடச் சொன்னார்.

நான் 35,000ஐக் கழித்து, மிகுதி 2,445,000இல் 4 வீதமாக 97,800ஐச் செலவாக எழுதினேன். முதலாளியின் மகன் பிழை என்கிறார். எங்கே பிழை?

ஒரு வாசகி, திருக்கோவில்

அன்புள்ள தங்கைக்கு,

வீதத்தைக் கையில் எடுக்க நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஐயக்கடன் ஏற்பாடு ஆண்டிறுதிச் சீராக்கங்களில் கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. அதற்கு முன் கடன்பட்டோர் மீதி உண்மைக்கு வந்திருக்க வேண்டும். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதே சரியில்லாத கொப்பியில் எந்த வீதத்தைப் பிரயோகித்தாலும் விடை தவறியே வரும்.

முதலில் அந்த 35,000. பரீட்சை மீதியில் அறவிடமுடியாக் கடன் என்று ஒரு தொகை நிற்கிறது என்றால், ஆண்டுக்குள்ளேயே யாரோ ஒருவரின் கணக்கைச் செலவு வைத்து, அறவிடமுடியாக் கடன் கணக்கை வரவு வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். கடன்பட்டோரின் 2,480,000 அந்தக் கழிப்புக்குப் பிறகு மிஞ்சிய தொகை. அதை மறுபடி கழித்தால் ஒரே ஆளை இருமுறை பதிவழித்ததாகிவிடும். பரீட்சை மீதிக்கு உள்ளே இருப்பது இலாப நட்டக் கணக்குக்கு மட்டும் போகும். வெளியே குறிப்பாக நிற்பது இலாப நட்டக் கணக்குக்கும் போகும், கடன்பட்டோரிலிருந்தும் குறையும். கொடுத்த கழிவு 42,000க்கும் இதே விதிதான்.

இனிப் பெப்ரவரியில் வந்த 25,000. உங்கள் கணக்கில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்தப் பதிவு. அந்த மனிதரின் கணக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பூச்சியமாக்கப்பட்டுவிட்டது. பூச்சியத்தில் 25,000ஐச் செலவு வைத்தால், நீங்கள் அவருக்குக் கடன்பட்டிருப்பதுபோல ஒரு செலவு மீதி வரும். மொத்தத் தொகையில் அந்த மீதி மற்றவர்களின் கடனைத் தின்றுவிடும். 25,000 ரூபாய்க்கு மற்றவர்களின் கடன் மறைந்து நிற்கும், காசு வந்ததால் கிடைத்த வருமானமும் இலாபத்தில் சேராது. கண்டுபிடிக்கும் வழி எளிது. ஆண்டிறுதியில் கடன்பட்டோரைப் பெயர் பெயராகப் பட்டியலிடுங்கள். செலவு மீதியுள்ள பெயர் எதையும் விசாரிக்காமல் விடாதீர்கள். முற்பணம் தந்தவராக இருக்கலாம், பொருளைத் திருப்பித் தந்தவராக இருக்கலாம், அல்லது இவரைப்போல் பதிவழித்த பிறகு வந்து கட்டியவராக இருக்கலாம். திருத்தம் இதுதான்: கடன்பட்டோர் கணக்கு வரவு 25,000, அறவிடமுடியாக் கடன் மீளப்பெறல் கணக்கு செலவு 25,000. மீளப்பெற்றது இந்த ஆண்டின் வருமானம். இரண்டு வருடங்களுக்கு முந்திய கணக்கைத் திறந்து எழுத வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை முதலாளியிடமும் சொல்லுங்கள். பதிவழித்தல் நம் புத்தகத்தில் நாம் செய்யும் வேலை. அதனால் கடன்பட்டவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அவர் தந்தால் வாங்கிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. வழக்குப் போடும் உரிமைக்குத்தான் காலம் குறுகியது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, விற்ற பொருளுக்கும் கடைப் புத்தகக் கடனுக்கும் கடன் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். கையொப்பமிட்ட எழுத்து ஏற்பு கையில் இருந்தால் நிலைமை மாறும். வாய்ச்சொல் ஏற்பு போதாது. நம் பக்கத்துக் கடைகளில் பெரும்போகக் கடனை அடுத்த பெரும்போகம் வரை பேச்சிலேயே இழுத்துக்கொண்டு போகிறார்கள். வெட்டு முடிந்தும் கட்டாதவரிடம், மீதித் தொகையை எழுதிக் கையொப்பம் வாங்கும் பழக்கம் இருந்தால், 75,000 ரூபாய்க் கடன்களில் சில பதிவழிக்கும் நிலைக்கே வராது.

அடுத்தது 28ஆம் திகதி வந்த 190,000. காசு கணக்கில் ஏறிவிட்டது, 10,000 கழிவு ஏறவில்லை. அந்த மனிதர் முழுக் கடனையும் தீர்த்துவிட்டார், உங்கள் கொப்பியோ அவர் இன்னும் 10,000 தரவேண்டும் என்கிறது. கொடுத்த கழிவு வரவு 10,000, கடன்பட்டோர் செலவு 10,000. இதைச் செய்யாவிட்டால் வரவே வராத ஒரு தொகைக்கும் 4 வீத ஏற்பாடு போட்டிருப்பீர்கள். இதை நிகழாமல் தடுக்கக் காசேட்டில் கழிவுக்கென ஒரு நிரல் வைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கும் அதே நேரத்தில் எழுதினால் ஆண்டிறுதியில் தேட வேண்டியதில்லை.

கழிவுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் சலுகை மார்ச்சுடன் முடிந்துவிட்டது. ஏப்ரலில் கட்டுபவருக்குக் கழிவு இல்லையென்றால் ஏற்பாடும் தேவையில்லை. சலுகைக் காலம் ஆண்டிறுதியைத் தாண்டிப் போகும் கடைகளில்தான் அந்தக் கேள்வி எழும். அங்கேயும் ஐயக்கடனைக் கழித்த மீதியில்தான் கழிவு ஏற்பாட்டைக் கணிப்பார்கள். கடனையே கட்டாதவர் கழிவு வாங்கப்போவதில்லை.

வெளிநாடு போனவரின் 75,000ஐ அறவிடமுடியாக் கடனுக்கு வரவு வைத்து, கடன்பட்டோருக்குச் செலவு வையுங்கள். இப்போது கடன்பட்டோர் மீதி: 2,480,000இல் 25,000ஐக் கூட்டி, 10,000ஐயும் 75,000ஐயும் கழித்தால் 2,420,000. கொப்பி உண்மைக்கு வந்துவிட்டது. பெயர்ப் பட்டியலின் கூட்டுத்தொகையும் இதே தொகையாக வரவேண்டும். வராவிட்டால் இன்னும் ஏதோ இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இனி ஏற்பாடு. வயல் அழிந்தவரின் 120,000ஐத் தனியே எடுங்கள். அவருக்குப் பாதி, அதாவது 60,000. அவரை எடுத்த பிறகு மிஞ்சும் 2,300,000க்கு மட்டும் 4 வீதம்: 92,000. அவருக்குத் தனி ஏற்பாடு போட்டுவிட்டு, பொது வீதத்திலும் அவரைச் சேர்ப்பது பலர் செய்யும் பிழை. மொத்த ஏற்பாடு 152,000. சென்ற ஆண்டின் 96,000 ஏற்கெனவே செலவாகக் கணக்கில் போய்விட்டது. ஆகவே இந்த ஆண்டின் செலவு அதிகரிப்பான 56,000 மட்டுமே. நீங்கள் எழுதிய 97,800 முழுவதும் பழைய 96,000க்கு மேல் ஏறி, நிதிநிலைமைக் கூற்றில் 193,800 ரூபாய் ஏற்பாடு நின்றிருக்கும்.

இப்போது இலாப நட்டக் கணக்கில் அறவிடமுடியாக் கடன் 110,000, கொடுத்த கழிவு 52,000, ஏற்பாட்டின் அதிகரிப்பு 56,000; எதிரே மீளப்பெறல் 25,000. தேறிய பாதிப்பு 193,000. உங்கள் முறையில் 35,000, 42,000, 97,800 சேர்ந்து 174,800. வித்தியாசம் 18,200தான். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் பெரிய தவறில்லை என்றே தோன்றியிருக்கும். ஏற்பாட்டில் கூடுதலாக எழுதியதும், பதிவழிப்பிலும் கழிவிலும் எழுதாமல் விட்டதும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. முதலாளியின் மகனுக்குப் பிழை தெரிந்தும் இடம் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம். நிதிநிலைமைக் கூற்றில் கடன்பட்டோர் 2,420,000, கழி ஏற்பாடு 152,000, தேறிய தொகை 2,268,000.

அந்த 4 வீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கரைப்பற்றுக் கடையின் கடனை 30 நாள், 60 நாள் என்று வயது பிரிப்பதில் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொடுத்த பசளைக் கடன் வெட்டு முடிந்த பிறகே கட்டப்பட வேண்டியது. மார்ச் 31இல் உங்கள் கொப்பியில் இரண்டு வகைக் கடன்கள் பக்கம் பக்கமாக இருக்கும். வெட்டு முடிந்து, நெல் விற்ற பிறகும் நிற்கும் பெரும்போகக் கடன் ஒன்று. சிறுபோகத்துக்காக மார்ச்சில் கொடுத்த, இன்னும் தவணையே வராத கடன் மற்றது. முதலாவது ஆபத்தானது, இரண்டாவது இயல்பானது. இரண்டுக்கும் ஒரே 4 வீதம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போகம் போகமாகப் பிரித்து, கடந்த சில ஆண்டுகளில் வெட்டுக்குப் பிறகும் நின்ற கடனில் எவ்வளவு கடைசிவரை வராமல் போனது என்று பழைய கொப்பிகளில் பாருங்கள். வீதம் அங்கிருந்து வரட்டும். கணக்கை இறுதியாக்குவதற்குள் ஏப்ரல், மே மாதங்களில் யார் யார் கட்டினார்கள் என்பதும் நல்ல சான்று. மார்ச் 31இல் இருந்த கடனின் தரத்தை அது காட்டுகிறது. ஆனால் ஏப்ரலில் வந்த காசை மார்ச் கணக்கில் பதிந்துவிடக் கூடாது.

வருமான வரிக்கு இலாபம் கணிக்கும்போது இந்த 92,000 போன்ற பொது ஏற்பாடு கழிவாக ஏற்கப்படுவதில்லை. 75,000ஐப் பதிவழித்ததற்குக்கூட, அறவிட நியாயமான முயற்சி எடுத்ததற்கான கடிதங்களைக் கோப்பில் வைத்திருங்கள். பெப்ரவரியில் வந்த 25,000 முன்பு வரியில் கழிக்கப்பட்டிருந்தால், இப்போது அது வரிக்குரிய வருமானம்.

ஏப்ரல் முதலாம் திகதி ஏற்பாட்டுக் கணக்கின் தொடக்க மீதி 152,000. வயல் அழிந்தவர் இந்த ஆண்டில் முழுவதையும் கட்டினால், அடுத்த மார்ச்சில் தேவைப்படும் ஏற்பாடு அவருடைய 60,000 அளவுக்குக் குறையும். அந்தக் குறைவு அப்போது வருமானமாக வரும். கட்டாமலே போனால் 120,000ஐ அறவிடமுடியாக் கடனாக எழுதுங்கள். அவருக்கெனப் போட்ட 60,000 அடுத்த ஏற்பாட்டில் இல்லாமல் போவதால், அந்த ஆண்டின் இலாபத்தில் அவரால் விழும் புதிய சுமை மீதி 60,000 மட்டும்தான்.