சிவப்புத் துணியும் மூன்று விநாடி ஞாபகமும்

கேள்வி: ஸ்பெயின் காளைச் சண்டையில் சிவப்புத் துணியைப் பார்த்துத்தான் காளைக்கு வெறி வருகிறது என்று நான் சொன்னால், "மாட்டுக்கு நிறமே தெரியாது, எல்லாம் கறுப்பு வெள்ளைதான்" என்று என் மருமகன் சிரிக்கிறார். அவரே வீட்டில் தங்கமீன் வளர்த்துக்கொண்டு, அதற்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்கிறார். எங்களில் யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: மூன்று கூற்றுகள் எழுதியிருக்கிறீர்கள், மூன்றும் தவறு. அவற்றில் இரண்டு உங்கள் மருமகனுடையவை என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

சிவப்புத் துணியை மறுக்க ஆய்வுக்கூடம் வரை போக வேண்டியதில்லை. காளைப்போரை முதலிலிருந்து பார்த்தாலே போதும். நாம் படங்களில் காணும் சிறிய சிவப்புத் துணிக்கு 'முலேத்தா' என்று பெயர். போரின் மூன்று கட்டங்களில் கடைசிக் கட்டத்தில்தான் அது வெளியே வரும். காளை களத்துக்குள் நுழைந்ததும் அதற்கு முன்னால் விரிக்கப்படுவது 'கபோத்தே' என்ற பெரிய போர்வை. அதன் ஒரு பக்கம் பளிச்சென்ற ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவும், மறுபக்கம் பெரும்பாலும் மஞ்சளாகவும் இருக்கும். சிவப்பை இன்னும் காணாத காளை அந்தப் போர்வையின் மீது அதே மூர்க்கத்தோடுதான் பாய்கிறது. நம் ஊரிலும் மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சிவப்புப் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்துக் கட்டிய மாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அமைதியாகத்தான் நிற்கின்றன. மணப்பாறைக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வியப்பு.

சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் மாடுகளுக்குப் பல நிறத் துணிகளைக் காட்டிப் பார்த்து, சிவப்பு அவற்றைச் சினமூட்டுவதில்லை என்று 1923இலேயே எழுதினார். 2007இல் மித்பஸ்டர்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சிவப்பு உடை அணிந்த ஒருவரைக் களத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, வேறு இருவரை ஓடவிட்டார்கள். காளை சிவப்பை விட்டுவிட்டு ஓடியவர்களைத் துரத்தியது. சில காளைகளை வைத்துச் செய்த தொலைக்காட்சிச் சோதனையை முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது என்றாலும், அசைவையும் நிறத்தையும் தனித்தனியே பிரித்து வைத்த விதத்தில் அது சரியான கேள்வியைக் கேட்டது. துணியை ஆட்டிக்கொண்டே நிறத்தைப் பற்றி முடிவு சொல்பவர்கள் எல்லோரும் தவறுவது அந்த இடத்தில்தான்.

இனி மருமகனின் கறுப்பு வெள்ளை. மனித விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவற்றில் ஒன்று நீலப் பகுதியையும், மற்ற இரண்டு 530, 560 நானோமீட்டர் அலைநீள ஒளியை ஒட்டிய பகுதிகளையும் மிகுதியாக உணர்கின்றன. அருகருகே இருக்கும் இந்த இரண்டின் குரலையும் மூளை ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் நமக்குச் சிவப்பும் பச்சையும் வேறுவேறாகத் தெரிகின்றன. 1998இல் ஜெரால்டு ஜேக்கப்ஸ் குழுவினர் மாடு, ஆடு ஆகியவற்றின் கண்களை அளந்தபோது, மாட்டுக்கு ஏறத்தாழ 451, 555 நானோமீட்டரில் உச்சம் கொண்ட இரண்டு வகைக் கூம்புகளே இருப்பது தெரிந்தது. எனவே மாட்டுக்கு நீலமும் மஞ்சளும் வேறுவேறாகவே தெரியும். சிவப்பு ஒளியும் அதன் கண்ணைத் தொடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் துணைக் கூம்பு இல்லாததால், அந்தத் துணி மங்கிய, சற்றே இருண்ட ஒன்றாக மட்டுமே அதற்குத் தெரியக்கூடும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத மனிதர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உலகம் கறுப்பு வெள்ளை என்று யாரும் சொல்வதில்லையே. தவறான ஒரு நம்பிக்கையைத் திருத்த வருபவர், பாதி வழியில் நின்றுவிட்டு இன்னொரு தவறை நட்டுவிட்டுப் போவது இப்படித்தான் நடக்கிறது.

நிறத்தைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது, காளையிடம் ஸ்பானியர்கள் உண்மையில் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதுதான். அவர்கள் அஞ்சுவது அதன் நினைவாற்றலுக்கு. போருக்கு வரும் காளை அதற்கு முன் துணி பிடித்த மனிதனைத் தரையில் சந்தித்திருக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. பண்ணைகளில் துணி காட்டி வீரியத்தைச் சோதிப்பது பெரும்பாலும் பெண் கன்றுகளிடம்தான். போருக்கு அனுப்பவிருக்கும் ஆண் கன்றுகளைச் சோதிப்பதானால் குதிரை மேலிருந்துதான் சோதிப்பார்கள். ஏறத்தாழ இருபது நிமிடத்துக்குள்ளேயே, அசையும் துணி வெறும் துணி, அதன் பக்கத்தில் அசையாமல் நிற்பதுதான் மனிதன் என்பதைக் காளை மெல்லக் கற்றுக்கொண்டுவிடும். போர் நீள நீளத் துணியை விட்டு உடலை நோக்கி வரும் காளையே வீரனுக்கு ஆபத்தானது. ஒருமுறை கற்றதை அது மறக்காது என்பதால், உயிர் பிழைத்துத் திரும்பும் அரிதான காளை இனப்பெருக்கத்துக்குப் போகுமே தவிர, மீண்டும் களத்துக்கு வராது.

தங்கமீனுக்கு வருவோம். நிறத்தைப் பொறுத்தவரை அது நம்மையே மிஞ்சுகிறது; புற ஊதாவையும் சேர்த்து நான்கு வகைக் கூம்புகள் அதற்கு உண்டு. நினைவைப் பொறுத்தவரை, 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்டு அக்ரனாஃப் நினைவு எப்படி நிலைபெறுகிறது என்பதை ஆராயத் தேர்ந்தெடுத்த உயிரே தங்கமீன்தான். நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த தொட்டியில் மீனை விடுவார்கள். மீன் இருக்கும் பக்கம் விளக்கு எரியும். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்து நீரில் இலேசான மின்னதிர்ச்சி வரும். தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போனால் தப்பலாம். சில முறை பட்ட பிறகு, அதிர்ச்சி வருவதற்கு முன்பே, விளக்கைக் கண்டதும் மீன் தாண்டத் தொடங்கும். மூன்று நாள் கழித்து மீண்டும் விட்டபோதும், பயிற்சி பெற்ற மீன்கள் தாண்டின.

ஆய்வின் உயிர்நாடி அடுத்த படியில் இருக்கிறது. பயிற்சி முடிந்த உடனே, புரத உற்பத்தியைத் தடுக்கும் பியூரோமைசின் என்ற மருந்தை மண்டைக்குள் செலுத்தினால், மூன்று நாள் கழித்து அந்த மீன் எதுவும் கற்காத மீனைப் போல நடந்துகொண்டது. அதே மருந்தை ஒரு மணி நேரம் தாமதித்துச் செலுத்தினால் நினைவு கெடவில்லை. அதாவது, கற்றது நிலைத்த நினைவாக மாற மூளைக்குச் சற்று நேரமும் புதிய புரதமும் தேவை என்பது புலப்பட்டது. மூன்று விநாடியில் எல்லாம் மறந்துபோகும் உயிராக இருந்திருந்தால், அழிப்பதற்கு அங்கே எதுவும் இருந்திருக்காது; இந்த ஆய்வே நடந்திருக்காது.

மருமகன் இதையும் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளினால், அவர் தொட்டியிலேயே பார்க்கலாம். தீனி போடும்போதெல்லாம் ஒரு நிறக் கட்டையைக் குச்சியில் கட்டி நீரில் இறக்கி, அதன் அருகே மட்டும் தீனி போடட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு வாரத்துக்குக் கட்டையைக் காட்டாமல் வழக்கம்போலத் தீனி கொடுக்கட்டும். பிறகு தீனி வேளை அல்லாத நேரத்தில், வழக்கமாகத் தீனி போடாத வேறொருவர், தீனி இல்லாமல், அந்தக் கட்டையையும் அதே அளவுள்ள வேறு நிறக் கட்டையையும் தொட்டியின் இரு மூலைகளில் சேர்த்து இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூலைகளை மாற்ற வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாவிட்டால், மீன் கட்டையை நினைவுகொண்டு வந்ததா, மேலே நிழலாடும் கையைக் கண்டு வந்ததா என்று சொல்ல முடியாது. ஒருமுறை சரியாக வருவது தற்செயலாக இருக்கலாம். பத்து முறைக்கு எத்தனை முறை பழகிய கட்டையிடம் முதலில் வருகிறது என்று எண்ணி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.