மட்டக்களப்புப் போர்த்துக்கேயமும் அடித்தள மொழியும்

“மட்டக்களப்புப் போர்த்துக்கேயத்தில ‘பிள்ளைக்குப் பசிக்குது’ எண்டு எங்கட மாங்குளத்துத் தமிழ் மாதிரியே வேற்றுமை வருது. அப்ப கிரியோல் பிறந்தது அடித்தள மொழியாலதானே?”

கிரியோல் என்பது மொழிகள் கலந்து பிறந்து ஒரு சமூகத்தின் தாய்மொழியான மொழி; அடித்தள மொழி என்பது அதை உருவாக்கியவர்கள் முன்பு பேசிய மொழி. நீங்கள் காட்டும் சான்று மட்டும் அதன் பிறப்பைக் காட்டாது. மட்டக்களப்புப் போர்த்துக்கேயம் பேசும் சமூகம் நூற்றாண்டுகளாகத் தமிழும் பேசி வந்ததால், வேற்றுமை அமைப்பு பிற்காலத்திலும் புகுந்திருக்கலாம்.

பெயருக்குப் பின் ஒட்டும் ‘ப’ உருபைப் பாருங்கள். அதன் ஒலி போர்த்துக்கேய ‘பாரா’விலிருந்து வந்தது, நிற்கும் இடமோ நமது ‘கு’ நிற்கும் இடம். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த மிஷனரிகள் இக்கிரியோலில் அச்சிட்ட வேதாகமத்தில் அதே வேலையைச் செய்யும் ‘பெர்’ பெயருக்கு முன்னால் நிற்கிறது. அதைப் பார்த்தால், உருபு பின்னால் ஒட்டியது பிற்காலத்தில் என்று தோன்றும்.

அடுத்து வினையைச் சோதியுங்கள். தமிழ் காலத்தை வினையின் பின்னே ஒட்டும். இக்கிரியோல் காலம் காட்டும் ‘த’, ‘ஜா’, ‘லோ’ என்பவற்றை வினைக்கு முன்னே வைக்கும். கிரியோல்களின் இலக்கணம் மனித மூளையின் பொது நாட்டத்திலிருந்து பிறக்கிறது என்பதற்கு மொழியியலாளர் டெரெக் பிக்கர்டன் 1981இல் காட்டிய சான்றுகளுள், வினைக்கு முன் நிற்கும் இத்தகைய குறிகள் முக்கியமானவை. ஆனால் அவர் பக்கமும் உடனே சாய வேண்டாம்: எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையுடைய, மலாக்காவின் போர்த்துக்கேயக் கிரியோலான கிரிஸ்தாங்கிலும் ஏறத்தாழ இதே மூன்று சொற்கள் உள்ளன. எனவே ஆசியத் துறைமுகங்களில் வழங்கிய பழைய போர்த்துக்கேயப் பிட்ஜின் என்ற எளிய தொடர்பு மொழியிலிருந்து இரண்டும் அவற்றைப் பெற்றிருக்கலாம் என்பதே எனக்கு வலுவாகப் படுகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: வேதாகம மொழிபெயர்ப்பு ஐரோப்பிய எழுத்து நடையைப் பின்பற்றியிருக்கக்கூடும், அக்காலப் பேச்சில் உருபு ஏற்கெனவே பின்னால் நின்றிருக்கலாம். தமிழமைப்பு எப்போது புகுந்தது என்பது உறுதியில்லை, ஆகவே ஒப்படையில் ‘அடித்தள மொழி’ என்பதற்குப் பதிலாகத் ‘தொடர்ந்து அருகிருந்த மொழி’ என்று எழுதுங்கள்.