இலக்கம் சரி, நாட்டுக் குறியீடு பிழை

கேள்வி: பாரிஸில இருக்கிற அண்ணா தன்ர போனில எனக்கு ஒரு கணக்குத் திறந்து தந்தவர். கிளிநொச்சியில இருந்து என்ர 077 நம்பரையும் பாஸ்வேர்டையும் போட்டா "இந்த எண்ணில் கணக்கு இல்லை" எண்டு வருது. ஏன்?

பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம், புதுக் கணக்கும் திறக்க வேண்டாம். உங்கள் இலக்கம் பெரும்பாலும் பிரான்ஸ் இலக்கமாகப் பதிவாகியிருக்கிறது.

பல தளங்கள் போன் இருக்கும் நாட்டைப் பார்த்துக் குறியீட்டைத் தாங்களே தெரிவு செய்துவிடும். அண்ணாவின் திரையில் +33 நின்றிருக்கும். அதைக் கவனியாமல் 077 என்று தொடங்கி 10 இலக்கங்களையும் அடித்திருப்பார். தளம் முன்னால் உள்ள பூச்சியத்தை நீக்கி, குறியீட்டுடன் சேர்த்துச் சேமிக்கும்:

```
பதிவானது:       +3377XXXXXXX
நீங்கள் தேடுவது:  +9477XXXXXXX
```

பிழை என்று தளம் ஏன் சொல்லவில்லை? பிரான்ஸ் கைத்தொலைபேசி இலக்கங்களும் 06 அல்லது 07 என்று தொடங்கும் 10 இலக்கங்கள்தான். சுவிஸிலும் 077 உண்டு, அதுவும் 10 இலக்கம். ஆகவே நம்முடைய இலக்கம் அங்கே சோதனையில் தப்பிவிடும். பிரித்தானியாவில் கைத்தொலைபேசிக்கு 11 இலக்கம் வேண்டும், கனடாவில் பகுதிக் குறியீடு பூச்சியத்தில் தொடங்காது. அதனால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து பதிந்திருந்தால், இலக்கத்தைச் சோதிக்கும் தளம் அப்போதே மறுத்திருக்கும்.

உள்நுழையும் பக்கத்தில் கொடியை அழுத்தி பிரான்ஸைத் தெரிவு செய்து, அதே இலக்கத்தையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். உள்ளே போனால் காரணம் உறுதி. உடனே அமைப்புகளில் இலக்கத்தை +94 ஆக மாற்றுங்கள். உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வரவேண்டும். +33 நிற்கும்போது "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்பதைத் தொடவே கூடாது. அந்த ஓடிபி பிரான்ஸில் அதே இலக்கத்தை வைத்திருக்கும் யாரோ ஒருவருக்குப் போகும். அவர் நினைத்தால் கணக்கு அவருடையதாகிவிடும்.

பிரான்ஸிலும் திறக்காவிட்டால் +94 ஐத் தெரிவு செய்து, ஒருமுறை 77 என்றும் ஒருமுறை 077 என்றும் தொடங்கிப் பாருங்கள். சரியாக எழுதப்படாத சில தளங்கள் பூச்சியத்தை நீக்காமல் +94077 என்றே வைத்திருக்கும். அங்கே பூச்சியத்தோடு அடித்தால்தான் கணக்கு கிடைக்கும். இலக்கத்தைத் தொடர்புப் பட்டியலிலிருந்து நகல் எடுத்து ஒட்டாமல் கையால் அடியுங்கள். ஒட்டும்போது இடைவெளியும் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் கூடவே வரும். பெட்டியில் ஏற்கெனவே +94 இருக்க, உலாவி தானாக நிரப்பி இன்னொரு +94 ஐச் சேர்ப்பதும் நடக்கிறது.

எதுவும் சரிவராவிட்டால், அண்ணாவின் போனில் அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் வெளியேறாமல் சுயவிவரப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிவான இலக்கம் குறியீட்டோடு அங்கே தெரியும்.